மூன்று லட்சம் என்று எழுதினால் மூன்று லட்சமா?

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் சென்னை ஜவுளிக்கடைக்கு ஆவணி முகூர்த்தத்துக்குள் முப்பது கோர்வைச் சேலைகள் தர ஒப்புக்கொள்கிறார். சேலை ஒன்றின் விலை 25,000 ரூபாய். தாமதமானால் சேலைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அதுவும் விலையில் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் என்பது ஒரு நிபந்தனை. 'எந்த நிபந்தனையை மீறினாலும் மூன்று லட்சம்' என்பது இன்னொன்று. ஆறு சேலைகள் பத்து நாள் தாமதமாகின்றன; வேறு இரண்டில் கரையின் நிறம் சற்றே மாறியிருக்கிறது. கடை எவ்வளவு கேட்கலாம்?

சட்டத் தேர்வுகளில் இப்படித்தான் கதை முதலில் வரும். நான்கு விடைகள் கீழே நிற்கும். கதை தரும் அடையாளத்தை விட்டுவிட்டு விடைகளுக்குத் தாவுகிறவர் தடுமாறுவார். முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். தாமதம் நீள நீளத் தொகை ஏறுகிறது, சேலையின் எண்ணிக்கையோடு சேர்ந்து நகர்கிறது, உச்சவரம்பும் உண்டு. இழப்பை முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்டதன் தடயம் இது. இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. கரை நிறம் மாறினாலும் மூன்று லட்சம், முப்பது சேலையும் வராவிட்டாலும் அதே மூன்று லட்சம். அது பயமுறுத்த எழுதிய தண்டத்தொகை. பெரிய மீறலுக்கும் சிறிய மீறலுக்கும் ஒரே தொகையென்றால் தண்டம் என்றே முதலில் கருதலாம் என்று 1915இல் டன்லப் வழக்கில் டுனெடின் பிரபு சொன்ன அளவுகோல் இங்கே பொருந்துகிறது. ஒப்பந்தம் அதற்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறது என்பது விடையைத் தீர்மானிக்காது.

இங்கிலாந்துச் சட்டத்தில் 2015 வரை இந்தப் பாகுபாடே முடிவாக இருந்தது. தண்டமென்றால் அந்த ஷரத்து செல்லாது. மதிப்பீடென்றால் எழுதிய தொகை முழுதும் கிடைத்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு வேறு வழியில் போகிறது. எழுதிய தொகை எந்த வகையானாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் தரும். ஆகவே 'ஷரத்து செல்லாது, கடைக்கு ஒரு பைசாவும் இல்லை' என்ற விடையும், 'எழுதியபடி மூன்று லட்சம்' என்ற விடையும் இந்தியாவில் சேர்ந்தே தவறு.

அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் சூட்சுமம் பிடிபடும். ஒருவர் 1,000 ரூபாய்க் கடனை ஐந்து சம மாதத் தவணைகளில் திருப்பித் தர ஒப்புகிறார். ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே தர வேண்டும். இது தண்டமல்ல. இன்னொருவர் 100 ரூபாய் வாங்கிவிட்டு, ஆண்டுக்கு 40 வீதம் ஐந்து தவணையாக 200 ரூபாய்க்குப் பத்திரம் எழுதித் தருகிறார். தவறினால் மொத்தமும் உடனே. இது தண்டம். மிரட்டும் வாசகம் இரண்டிலும் ஒன்றுதான். முதலாமவர் எப்படியும் தர வேண்டிய பணத்தைச் சற்று முன்னதாகத் தருகிறார். இரண்டாமவரோ வாங்கிய நூறுக்கு இருநூறை, ஐந்தாண்டு அவகாசமும் பறிபோன நிலையில், ஒரே நாளில் தர வேண்டியதாகிறது. வினாவில் இந்த வித்தியாசம் 'நூறு வாங்கினார்' என்ற ஒரு வரியில்தான் ஒளிந்திருக்கும்.

நெசவாளரிடம் திரும்புவோம். ஆறு சேலை, பத்து நாள், நூறு ரூபாய்: 6,000. முகூர்த்த நாளில் கைக்கு வராத சேலையால் எத்தனை வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள் என்று யாரால் கணக்குக் காட்ட முடியும்? இழப்பை நிரூபிக்க அரிதான இத்தகைய இடத்தில், நியாயமான முன்மதிப்பீடு இருந்தால், இழப்பு ஏற்படவில்லை என்று காட்டும் சுமை மீறியவர் தலையில் விழும் என்று 2003இல் ஓ.என்.ஜி.சி – சா பைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே 6,000 கிடைக்கும். கரை மாறிய இரண்டு சேலைக்கு எவ்வளவு விலை குறைந்ததோ அதுதான். மூன்று லட்சம் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கதையின் கடைசி வரி, 'அந்த ஆறு சேலைகளையும் கடை அதே வாரத்தில் கூடுதல் விலைக்கு விற்றது, முன்பதிவு எதையும் இழக்கவில்லை' என்று முடிந்தால்? 2015இல் கைலாஷ் நாத் வழக்கு நினைவுக்கு வர வேண்டும். மனை ஒன்றை ஏலத்தில் எடுத்தவர் கட்டிய 78 லட்சம் ரூபாயைத் தில்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையைப் பின்னர் 11.78 கோடிக்கு ஏலம் விட்டது. இழப்பே இல்லாதபோது இழப்பீடு ஏது என்று அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் செய்தது உச்ச நீதிமன்றம். '74இன்படி இழப்பை நிரூபிக்க வேண்டியதில்லை' என்று மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான். நிரூபிக்க இயலாத இழப்புக்கே அந்தச் சலுகை; இல்லாத இழப்புக்கு இல்லை.

வினாவில் 'முன்பணம்' வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1963இல் தீர்ப்பான ஃபதே சந்த் வழக்கில் 1,12,500 ரூபாய்க்குப் பேசிய தில்லி பங்களாவுக்கு வாங்குபவர் 25,000 கொடுத்திருந்தார். அதில் 1,000 மட்டுமே உறுதிப்பணம். அதை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். மீதி 24,000 விலையில் ஒரு பகுதி. அதைப் பறிமுதல் செய்யும் ஷரத்து தண்டம் என்றது அரசியல் சாசன அமர்வு.