பூஜ்யப் பிழை மாதிரித் தணிக்கை

ஒரு பெரிய ஆவணத் தொகுதியிலிருந்து சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்து, அவற்றில் ஒன்றில்கூடப் பிழை இல்லையென்றால், முழுத் தொகுதியின் பிழை விகிதம் இன்ன வரம்புக்கு மேல் இராது என்று முடிவு கட்டும் தணிக்கை முறை. ஒவ்வொரு ஆவணத்திடமும் கேட்கப்படுவது ஆம், இல்லை என்று பதில் வரும் ஒரே கேள்விதான்: ஒப்புதல் கையெழுத்து இருக்கிறதா? தொகை எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வராது.

வியாபாரம் பெருகி, எல்லாக் கணக்கையும் வரிக்கு வரி பார்ப்பது முடியாமல் போன காலத்தில் தணிக்கையாளர்கள் கூறு பார்க்கத் தொடங்கினார்கள். எத்தனை பார்ப்பது என்பதை அனுபவமும் அவகாசமும் தீர்மானித்தன. ஒரு மாதத்தை முழுதாகப் பார்ப்பது, பத்து சதவீதம் பார்ப்பது என்றெல்லாம் வழக்கங்கள் படிந்தன. இந்த வழக்கம் எவ்வளவு தாங்கும் என்று நிகழ்தகவால் அளந்தவர்களில் முன்னோடி லூயிஸ் கார்மன். 1933இல் ‘தி அமெரிக்கன் அக்கவுண்டன்ட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, மோசடிப் பதிவு ஒன்று சோதனையில் சிக்குவதற்கு உள்ள வாய்ப்பைக் கணக்கிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஹரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் தொழிற்சாலைச் சரக்கை மாதிரி பார்த்து ஏற்பதற்கான அட்டவணைகளை உருவாக்கிக்கொண்டிருந்தனர். தணிக்கைத் துறை பின்னால் கடன் வாங்கியது பெரும்பாலும் இந்தத் தொழிற்சாலைக் கணிதத்தைத்தான். லாரன்ஸ் வான்ஸ் 1950இலும், ஹெர்பர்ட் ஆர்கின் 1963இலும் வெளியிட்ட நூல்கள் அதைக் கணக்காளர்களுக்கு ஏற்றபடி கொண்டுவந்தன.

கணிதம் எளிது. தொகுதியில் 5 சதவீதம் பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். குலுக்கி எடுக்கும் ஓர் ஆவணம் சுத்தமாக இருக்க வாய்ப்பு 0.95. இரண்டுமே சுத்தமாக இருக்க 0.95 × 0.95. பதினான்கு ஆவணங்கள் வரிசையாகச் சுத்தமாக வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அதனால் பதினான்கு பார்த்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. ஐம்பத்தெட்டில் அது 5.1 சதவீதமாகவும், ஐம்பத்தொன்பதில் 4.85 சதவீதமாகவும் குறைகிறது. ஆகவே 95 சதவீத உறுதியுடன் 5 சதவீத வரம்பு கட்ட 59 ஆவணங்கள் வேண்டும்.

```
n ≥ ln(1 − C) / ln(1 − p)
C = 0.95, p = 0.05  →  n = 59
C = 0.95, p = 0.01  →  n = 299
```

மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: 3ஐ வரம்பால் வகுத்தால் போதும். 3 ÷ 0.05 என்பது 60. இங்கே உறுதி என்பதன் பொருளில் பலர் சறுக்குவார்கள். பிழை 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. பிழை 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், இப்படிச் சுத்தமான ஒரு மாதிரி நூற்றில் ஐந்து முறைக்கு மேல் அகப்பட்டிராது என்றே சொல்கிறது.

தொகுதி எவ்வளவு பெரியது என்பதற்கு இதில் அநேகமாக இடமே இல்லை. மொத்தம் 100 ஆவணங்கள் இருந்தால் 45 பார்க்க வேண்டும். 1,000 இருந்தால் சுமார் 57. லட்சம் இருந்தாலும் 59தான். பத்து சதவீத வழக்கம் எங்கே உடைகிறது என்பது இதில் தெரியும். நூறு ஆவணங்களில் ஐந்து பிழையானவை என்றால், பத்தை மட்டும் பார்ப்பவர் அந்த ஐந்தில் எதையும் காணாமலே போக 58 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லட்சம் ஆவணங்களில் அதே வழக்கம் பத்தாயிரம் தாள்களை வீணாகப் புரட்ட வைக்கும்.

ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 9,000 பணம் செலுத்தும் வவுச்சர்கள் என்று கொள்வோம். முதல் வேலை, எது பிழை என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது: பணம் போவதற்கு முன் மேலாளர் கையெழுத்து இல்லாததும், அவரது அதிகார வரம்பைத் தாண்டிய தொகையும் பிழை. கணினி தரும் சீரற்ற எண்களைக் கொண்டு 59 வவுச்சர்கள் தேர்வாகின்றன. முறையாக ரத்தான வவுச்சர் வந்தால் அதற்குப் பதில் அடுத்த எண்ணை எடுக்கலாம். தேடியும் கிடைக்காத வவுச்சருக்குப் பதில் வேறொன்றை எடுக்கக் கூடாது. அது பிழையாகவே எண்ணப்படும். கட்டில் கைபோன இடத்தில் உருவியவற்றுக்கு இந்தக் கணிதம் பொருந்தாது.

ஐம்பத்தொன்பதும் சுத்தமென்றால் வேலை முடிந்தது. முப்பத்தேழாவதில் கையெழுத்து இல்லை என்றால்? அப்போது 95 சதவீத உறுதியில் சொல்லக்கூடிய மேல்வரம்பு 5 அல்ல, ஏறத்தாழ 7.8 சதவீதம். ஒரு பிழையை அனுமதித்தும் 5 சதவீத வரம்பைக் காக்க முதலிலேயே 93 ஆவணங்கள் எடுக்கத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

அதனால் இன்னும் 34 பார்த்து 93 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நுட்பமான பிசகு. தணிக்கையாளருக்கு இப்போது ஏற்க இரண்டு வாய்ப்புகள் கிடைத்துவிட்டன: 59இல் பூஜ்யம் வந்தால் ஏற்பு, ஒன்று வந்து அடுத்த 34இல் பூஜ்யம் என்றாலும் ஏற்பு. உண்மையில் 5 சதவீதம் பிழையுள்ள தொகுதியை முதல் வழியில் ஏற்க 4.85 சதவீத வாய்ப்பு, இரண்டாம் வழியில் 2.6 சதவீதம். மொத்தம் 7.5. தாளில் 95 என்று எழுதியிருந்தாலும் கிடைத்த உறுதி 92.5தான். இரண்டு கட்டமாகப் பார்ப்பதே தவறல்ல, ஆனால் அதை முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்: முதலில் 68, ஒரு பிழை வந்தால் மேலும் 34 என்று தொடங்கினால் மொத்த அபாயம் 5 சதவீதத்துக்குள் அடங்குகிறது.

இந்த நெருக்கடி அடிக்கடி வருவதற்குத் திட்டத்தின் கண்டிப்பே காரணம். வெறும் 1 சதவீதம் பிழையுள்ள, யாரும் குறை சொல்லாத தொகுதியில்கூட 59ஐ எடுத்தால் ஒரு பிழையாவது தென்பட 45 சதவீத வாய்ப்பு உண்டு. பிழை அநேகமாக இராது என்று நம்பக் காரணம் இருக்கும் இடத்தில்தான் இது சிக்கனமான திட்டம். மற்ற இடங்களில் 93 எடுப்பவரே புத்திசாலி.

‘ஹாஸ்கின்ஸ் அண்டு செல்ஸ்’ நிறுவனத்தின் கென்னத் ஸ்ட்ரிங்கர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக் ஸ்டீபன் துணையுடன், இந்தத் தர்க்கத்தை ஆவணங்களிலிருந்து பணத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு டாலரையும் தனித்தனி உருப்படியாகக் கொள்ளும் அந்த முறையிலும், பிழை எதிர்பாராத இடத்தில் அதே 3 என்ற எண் வருகிறது: பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழைத் தொகையை 3ஆல் வகுத்தால் தேர்வு இடைவெளி. 1963இல் அவர் இதை வெளியிட்டார்.

அமெரிக்கக் கணக்காளர் கழகத்தின் 39ஆம் தணிக்கைத் தரநிலை 1981இல் மாதிரியெடுப்பை முறைப்படுத்தியது. இன்றைய சர்வதேசத் தரநிலை 530ம், அதைத் தழுவிய இந்தியாவின் எஸ்.ஏ. 530ம் எத்தனை பார்க்க வேண்டுமென்று எண் எதையும் விதிப்பதில்லை. புள்ளியியல் சாராத தேர்வையும் அனுமதிக்கின்றன. ஆனால் கண்ட பிழையைத் ‘தற்செயல், மற்றவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று ஒதுக்குவதற்கு அவை கதவை மிகக் குறுகலாகவே திறக்கின்றன: அது மிக அரிதான சூழலில் மட்டும், கூடுதல் சோதனையால் உயர்ந்த அளவு உறுதி பெற்ற பிறகே முடியும். கையெழுத்திட வேண்டியவர் அன்று விடுப்பில் இருந்தார் என்ற விளக்கம் அந்தக் கதவில் நுழையாது. விடுப்பு எல்லோருக்கும் வரும். அன்று மாற்று ஆள் இல்லாததே பிழை.

தினமும் நடக்கும் கட்டுப்பாடுகளுக்கு 25 பார்ப்பது இப்போது பல தணிக்கை நிறுவனங்களின் நடைமுறை. அந்த 25ம் சுத்தமாக இருந்தால் 95 சதவீத உறுதியில் கிடைக்கும் மேல்வரம்பு 11.3 சதவீதம், 90 சதவீத உறுதியில் சுமார் 8.8. வேறு சான்றுகளும் கையில் இருக்கும்போது அது போதலாம். 25ஐ மட்டும் நம்பி 5 சதவீதம் என்று எழுதினால் கணக்கு ஒத்துவராது.