நல்லெண்ணெய் சிவக்கும் சோதனையின் கதை

நாம விளக்குக்கு வாங்குற நல்லெண்ணெய் அசல்தானா? இதைப் பார்க்க ‘பௌடுவின் சோதனை’ன்னு ஒண்ணு 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துடுச்சு. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கொஞ்சம் சர்க்கரை கரைச்சு, எண்ணெய் ஊத்தி நல்லா குலுக்கி வைப்பாங்க. நல்லெண்ணெய் இருந்தா அடியில நிக்கிற அமிலம் சிவந்துடும். ஆய்வுக்கூடத்துல மட்டும் செய்ய வேண்டியது, வீட்டுல வேண்டாம்.

இதுல ஒரு வேடிக்கை. ஐரோப்பாவுல அப்போ நல்லெண்ணெய்தான் கலப்படம்! விலை கூடின ஆலிவ் எண்ணெயில அதைக் கலக்குறவங்களைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை உதவுச்சு. அதனால சிவப்பு நிறம் ‘நல்லெண்ணெய் இருக்கு’ன்னு மட்டும்தான் சொல்லும், ‘வேற எதுவும் இல்லை’ன்னு சொல்லாது. பாதிக்குப் பாதி செம்பனை எண்ணெய் கலந்தாலும் சிவக்கும்.

அந்தக் குறையை அடைக்கிறது அயோடின் எண். 1884-ல ஹ்யூபிள் என்பவர் கொண்டு வந்த முறை இது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை இழுக்குதுன்னு அளப்பாங்க. நல்லெண்ணெய்க்கு சுமார் 110, சமையல் செம்பனை எண்ணெய்க்கு சுமார் 58. பாதி பாதி கலந்தா 84-க்கு இறங்கிடும், மாட்டிக்கும்.

ஆனா 130 வரை இழுக்கிற சோயா எண்ணெயும் சேர்த்துட்டா எண் மறுபடி 110 பக்கம் ஏறிடும். அதனால நிறமும் எண்ணும் சரியா வந்தாலும், அசல்னு அதோட முடிவு கட்டிட முடியாது. தப்பா வந்தா மட்டும் கலப்படம் உறுதி.