கிளைபிரியும் கட்சீன் திரைக்கதை

வீடியோ கேமில் விளையாட்டை நிறுத்திவைத்துக் காட்டப்படும் கதைக்காட்சிக்குக் கட்சீன் என்று பெயர். 1980இல் வந்த பேக்-மேனிலேயே சுற்றுகளுக்கு நடுவே குட்டிக் காட்சிகள் உண்டு. பெயர் பரவியது 1987இல், ரான் கில்பர்ட்டின் ‘மேனியாக் மேன்ஷன்’ மூலம். அந்த விளையாட்டுக்காக உருவான ஸ்கம் என்ற நிரல்மொழியில், காட்சி தொடங்கியதும் ஆடுபவர் கையிலிருந்து கட்டுப்பாடு போய்விடும். முடிந்ததும் திரும்பி வரும். 1990இல் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ வசனப் பட்டியலைத் திரையில் காட்டி, எதைப் பேசுவது என்பதை ஆடுபவரிடமே விட்டது. பாத்திரங்கள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்றே பேசியதால், கேமராவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

2007இல் பயோவேரின் ‘மாஸ் எஃபெக்ட்’ வசனத் தேர்வையும் சினிமா ஷாட்டுகளையும் நெருக்கமாக இணைத்தபோது சிக்கல் பெரிதானது. சினிமாத் திரைக்கதை ஒரே வழியில் ஓடும். இங்கே மூன்று இடங்களில் மும்மூன்று பதில்கள் வைத்து, ஒவ்வொன்றையும் தனிக் கதையாக வளர்த்தால் முடிவுகள் 27 ஆகிவிடும். அதனால் கிளைகளைப் பிரித்து, சில வசனங்களுக்குள் மறுபடி ஒன்றுசேர்ப்பதே வழக்கம். அப்போது எழுத வேண்டியவை 9 பதில்கள் மட்டும்.

சேரும் இடத்தில்தான் காட்சி உடையும். ஒரு காவலாளியிடம் வழி கேட்கும் காட்சியை இப்படி எழுதலாம்:

மிட் ஷாட். காவலாளி நாற்காலியில். தேர்வுக்காகக் காத்திருப்பு.
1. மிரட்டு: “கதவைத் திற!” (குளோசப். காவலாளி எழுகிறான்.)
2. பணம் கொடு: “இதை வைத்துக்கொள்.” (கைகளின் குளோசப். உட்கார்ந்தே வாங்குகிறான்.)
இரண்டும் சேருமிடம்: சஜஷன் ஷாட். காவலாளி: “சீக்கிரம் போ.”

முதல் வழியில் அவன் நிற்கிறான், இரண்டாவதில் உட்கார்ந்திருக்கிறான். பொது ஷாட் நிற்பவனுக்காக அமைக்கப்பட்டிருந்தால், பணம் கொடுத்தவரின் திரையில் காவலாளி கண்ணிமைப்பதற்குள் எழுந்து நிற்பான். மிரட்டும் வழியை மட்டும் ஆடிப் பார்த்தவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. இரண்டாம் கிளையின் கடைசியிலும் அவனை எழச் செய்வது ஒரு தீர்வு. உடல் தெரியாதபடி முக குளோசப்பில் பொதுப்பகுதியைத் தொடங்குவது செலவு குறைந்த தீர்வு. வசனத்துக்கும் இதே விதிதான்: சேர்ந்த பிறகு காவலாளி பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

காத்திருப்பு ஷாட்டும் சினிமாவில் இல்லாத தலைவலி. ஆடுபவர் பத்து விநாடியும் யோசிக்கலாம், எழுந்து தேநீர் குடிக்கவும் போகலாம்; அதுவரை பாத்திரம் மூச்சு விட்டு, கண் சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்டேலின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) பல தேர்வுகளுக்கு நேர வரம்பு வைத்து, மௌனத்தையும் ஒரு பதிலாக்கியது. மௌனத்துக்கும் ஷாட் எழுத வேண்டிய வேலை அதனால் கூடியது.

‘தி விட்சர் 3’ (2015) அளவுக்கு உரையாடல் பெருகியபோது, எல்லா ஷாட்டையும் கையால் அமைப்பது கட்டுப்படியாகவில்லை. யார் எங்கே நிற்கிறார், என்ன பேசுகிறார் என்பதை வைத்துக் கேமராவையும் சைகைகளையும் முதலில் ஒரு கருவியே அமைத்துத் தந்தது. வடிவமைப்பாளர்கள் அதன்மேல் திருத்தினார்கள்.