தேடல் விளம்பரம்: கூடுதல் வலையமைப்புகளை எப்போது நிறுத்த வேண்டும்?

கூகுளில் தேடல் விளம்பரம் தொடங்குவோர் கவனிக்க வேண்டிய இரு அமைப்புகள் உள்ளன. Search partners அமைப்பு, கூகுளுடன் இணைந்த பிற தளங்களின் தேடல்களிலும் விளம்பரத்தைக் காட்டுகிறது. Display Network அமைப்பு, தேடலில் செலவாகாமல் எஞ்சும் தொகையைக் கொண்டு, எதையும் தேடாமல் செய்தியோ காணொலியோ பார்ப்பவர்களிடம் விளம்பரத்தைக் கொண்டு செல்கிறது.

அந்தமானின் டெலானிபூரில் உள்ள ஒரு தங்கும் விடுதி மாதம் ரூ.15,000 செலவிடுவதாகக் கொள்வோம். கூகுள் தேடலில் ரூ.9,000-க்கு 300 சொடுக்குகளும் 18 முன்பதிவுகளும், கூட்டாளி தளங்களில் ரூ.2,000-க்கு 100 சொடுக்குகளும் 4 முன்பதிவுகளும், காட்சி விளம்பரத்தில் ரூ.4,000-க்கு 1,000 சொடுக்குகளும் ஒரே முன்பதிவும் கிடைக்கின்றன.

சொடுக்குக்கு ரூ.4 மட்டுமே ஆவதால் காட்சி விளம்பரம் மலிவாகத் தோன்றும். ஆனால், முன்பதிவு ஒன்றுக்கு அதில் ரூ.4,000 ஆகிறது, மற்ற இரண்டிலும் ரூ.500 மட்டுமே. எனவே, காட்சி விளம்பரத்தை நிறுத்தி, கூட்டாளி தளங்களைத் தொடர்வதே பொருத்தமானது. அவ்வாறு செய்தால் ஒரு முன்பதிவு குறையும், ரூ.4,000 மிச்சமாகும்.

இந்த வேறுபாட்டை அறிய, அறிக்கையை Network வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பதிவுகள் முறையாகப் பதிவாகாவிட்டால் இந்த ஒப்பீடு பயன் தராது. மேலும், இங்கு தேடலிலேயே ஏறத்தாழ 17 சொடுக்குகளுக்கு ஒரு முன்பதிவு கிடைப்பதால், 20 சொடுக்குகளில் பலனில்லை என்பதற்காக ஒரு வலையமைப்பை நிறுத்துவது அவசர முடிவாகும்.