நிதித்தேர்வு வரிசைக் கோட்பாடு

நிதித்தேர்வு வரிசைக் கோட்பாடு (பெக்கிங் ஆர்டர்) என்பது, ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான பணத்தை எந்த மூலத்திலிருந்து முதலில் எடுக்கும் என்பதை விளக்கும் நிதியியல் கோட்பாடு ஆகும். இதன்படி நிறுவனம் முதலில் தன் சொந்த இலாபத்தையும் கையிருப்பையும் பயன்படுத்தும். அவை போதாதபோது கடன் வாங்கும். வேறு வழியில்லாத நிலையிலேயே புதிய பங்குகளை வெளியிடும். கோழிக்கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்பதில் நிலவும் வரிசையிலிருந்து இதன் ஆங்கிலப் பெயர் வந்தது.

வரிசைக்கான காரணம்

ஸ்டூவர்ட் மையர்ஸ், நிக்கலஸ் மஜ்லூஃப் ஆகிய இருவரும் 1984 இல் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். நிறுவனத்தின் உண்மையான மதிப்பு மேலாளர்களுக்குத் தெரியும்; வெளியிலுள்ள முதலீட்டாளருக்கு அந்த அளவு தெரியாது. ஆகவே நிறுவனம் புதிய பங்கு விற்க வந்தால், பங்கு விலை மிகையாக இருப்பதால்தான் விற்கிறார்கள் என்று முதலீட்டாளர் ஐயுறுவர், விலை இறங்கும். கடனில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் கடன் கொடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய தொகை முன்னரே உறுதி செய்யப்பட்டது. சொந்தப் பணத்துக்கோ எவரையும் நம்பவைக்கத் தேவையில்லை.

ஈடுகட்டல் கோட்பாட்டுடன் ஒப்பீடு

ஈடுகட்டல் கோட்பாடு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கடனுக்கான வட்டி, வரி விதிக்கப்படும் இலாபத்திலிருந்து கழிக்கப்படுவதால் கடன் வரியைக் குறைக்கிறது. ஆனால் கடன் மிகுந்தால் நிறுவனம் நொடித்துப்போகும் வாய்ப்பும் கூடுகிறது. இவ்விரண்டும் ஈடுகட்டும் ஓர் அளவை நிறுவனம் இலக்காகக் கொள்ளும் என்பது இக்கோட்பாடு.

இரண்டும் நேரடியாக மோதுவது, அதிக இலாபம் ஈட்டும் நிறுவனத்திடம்தான். அத்தகைய நிறுவனம் நிறைய வரி கட்டுகிறது, நொடிக்கும் வாய்ப்பும் குறைவு. எனவே அது மிகுதியாகக் கடன் வாங்க வேண்டும் என்கிறது ஈடுகட்டல் கோட்பாடு. வரிசைக் கோட்பாடோ, கையில் பணமிருப்பதால் அது கடனே வாங்காது என்கிறது.

எடுத்துக்காட்டு: ஆப்பிள் நிறுவனம்

ஐக்கிய அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2004 இல் தன் பழைய கடன் பத்திரங்களை அடைத்த பின்னர், 2013 வரை நீண்டகாலக் கடன் எதுவும் வாங்கவில்லை. 2012 நிதியாண்டில் அதன் நிகர இலாபம் ஏறத்தாழ 4,170 கோடி டாலர். வரியும் பெருமளவில் கட்டியது. இந்தக் காலம் முழுவதும் வரிசைக் கோட்பாடு சொன்னபடியே நடந்தது எனலாம்.

2013 ஏப்ரலில் நிலைமை மாறியது. ஏறத்தாழ 14,500 கோடி டாலர் கையிருப்பு இருக்கும்போதே, ஆப்பிள் 1,700 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. பங்குகளைத் திரும்ப வாங்கவும் பங்காதாயம் வழங்கவும் அப்பணம் தேவைப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் வரிசை தலைகீழானதாகத் தோன்றும். ஆனால் கையிருப்பில் ஏறக்குறைய 10,200 கோடி டாலர் வெளிநாடுகளில் இருந்தது. அதை நாட்டுக்குள் கொண்டுவந்தால் அன்றைய சட்டப்படி 35% வரை வரி கட்ட நேரும்.

வெளிநாட்டில் வரி ஏதும் கட்டப்படவில்லை என்று எளிமைக்காகக் கொண்டால், 1,700 கோடி டாலர் கைக்கு வர 1,700 ÷ 0.65, அதாவது சுமார் 2,615 கோடி டாலரைக் கொண்டுவர வேண்டும். வரி சுமார் 915 கோடி. அந்த வெளியீட்டின் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி 2.4%. முழுத் தொகைக்கும் அதே வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்குச் சுமார் 41 கோடி டாலர்தான். வட்டிக்கான வரிக்கழிவு போக இன்னும் குறைவு. ஆக, சொந்தப் பணமே விலைகூடிய பணமாக இருந்தது. இங்கு வரிசையைத் தீர்மானித்தது தகவல் இடைவெளி அன்று, வரி. வரி என்பதால் உடனே ஈடுகட்டல் கோட்பாடு வென்றது என்று கொள்வதும் பிழை; பெரிய மிச்சம் வட்டிக்கழிவால் வந்ததன்று, பணத்தை வெளியே விட்டுவைத்ததால் வந்தது.

இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச்சட்டம் இத்தடையை நீக்கி, வெளிநாட்டில் சேர்ந்த இலாபத்துக்கு ஒருமுறை வரி விதித்தது. தான் சுமார் 3,800 கோடி டாலர் வரி கட்டவிருப்பதாக 2018 சனவரியில் ஆப்பிள் அறிவித்தது. தடை நீங்கிய பின்னும் கடன் மறையவில்லை. 2020, 2021 ஆண்டுகளில் வட்டி மிகத் தாழ்ந்திருந்தபோது மீண்டும் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. கையிருப்பும் கடனும் காலப்போக்கில் சமமாக வேண்டும் என்பதைத் தன் நோக்கமாகவும் நிறுவனம் 2018 இல் கூறியது. இலக்கு ஒன்றை வைப்பது ஈடுகட்டல் கோட்பாட்டின் சாயல் கொண்டது. எனினும் அக்கோட்பாடு கூறும் இலக்கு வரிமிச்சத்தையும் நொடிப்பு அபாயத்தையும் எடைபோட்டு வருவது, இது அவ்வாறு வந்ததாகத் தெரியவில்லை.

வரம்புகள்

தகவல் இடைவெளி சிறிய, புதிய நிறுவனங்களிலேயே அதிகம். எனவே வரிசைக் கோட்பாடு அவற்றுக்கே நன்கு பொருந்த வேண்டும். ஆனால் மரே ஃபிராங்க், விதன் கோயல் ஆகியோர் அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாறானதைக் கண்டது: கோட்பாடு ஓரளவு பொருந்தியது பெரிய நிறுவனங்களுக்கே. சிறிய நிறுவனங்கள் பற்றாக்குறையைப் பெரும்பாலும் பங்கு விற்றே ஈடுசெய்தன. அடகு வைக்கச் சொத்தும் வட்டி கட்ட நிலையான வருவாயும் இல்லாத நிறுவனத்துக்குக் கடன் எளிதில் கிடைக்காது என்பதையும் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.