ஐயத்தின் இலக்கணம்

அழகர்மலைத் தெய்வத்துக்கு ஆண்டாள் நேர்ந்த நேர்ச்சையைப் பக்தியின் உச்சமாகவே எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அது வினைச்சொற்களின் சரித்திரத்துக்கு ஒரு சாட்சியாகவும் படுகிறது. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில், மாலிருஞ்சோலை நம்பிக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். இதற்கு அவள் வைத்திருக்கும் வினைகள் 'வைத்தேன்', 'சொன்னேன்' என்ற இறந்தகாலத் தெரிநிலைகள். தடா ஒன்றுகூட நிறையவில்லை, ஆனால் சொன்னதே செயலாகிவிட்டது. அடுத்து அவன் வந்து ஏற்பானா என்ற இடத்தில் வினையின் தொனி மாறிவிடுகிறது. 'கொல்' வந்து சேர்கிறது. அதற்கடுத்த பாட்டில், வந்து உண்டானாயின் ஒன்றுக்கு நூறாயிரமாகத் தருவேன் என்னும்போது நிபந்தனையின் '-இல்' வருகிறது. நிச்சயம், ஐயம், விருப்பம் மூன்றும் இரண்டு பாட்டுக்குள் மூன்று வேறு உருவங்களில் நிற்கின்றன.

இந்தக் 'கொல்' தனிச் சொல் அன்று. தொல்காப்பிய இடையியல் இதனை ஐயப்பொருளில் வைக்கிறது. பக்கத்திலேயே 'தில்' இருக்கிறது. அதன் பொருள்களில் முதலாவது விழைவு. 'மன்' இருக்கிறது, அதன் பொருள்களில் முதலாவது கழிவு, இருந்து இல்லாமல் போனது. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டில் இந்த 'மன்' திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தால், அது அசைச்சொல் அல்ல என்பது தெரியும். ஒவ்வொரு முறையும் அது, இனி அப்படி இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

இம்மூன்றும் இன்று பேச்சில் இல்லை. ஏன் போயின? பிரெஞ்சு மொழியை வைத்துப் பார்த்தால் ஒரு காரணம் புலப்படுகிறது. 'வேண்டும்', 'அஞ்சுகிறேன்' என்பவற்றுக்கு நிகரான வினைகளைத் தொடர்ந்து வரும் துணைவாக்கியத்தில் பிரெஞ்சுக்காரன் நிகழாநிலை வினையைத்தான் போட வேண்டும். போடாவிட்டால் பிழை. அவன் மனத்தில் ஐயம் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல. ஆங்கிலத்தில் அந்தக் கட்டாயம் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. 'காட் சேவ்' என்ற வாழ்த்தில் உறைந்தும், சில நிபந்தனை வாக்கியங்களில் எச்சமாகவும் அது கிடக்கிறது. கட்டாயப்படுத்தப்பட்ட உருவம் பொருள் தேய்ந்தாலும் தங்குகிறது. பேசுகிறவன் விருப்பத்துக்கு விடப்பட்டது உதிர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'கொல்'லைச் சேர்க்க எந்த வாக்கியமும் தமிழனை வற்புறுத்தவில்லை. அதே வேலைக்கு ஓகாரம் இருந்தது. 'வருவானோ' போதுமானதாயிற்று.

துணைவாக்கியத்தில் பிரெஞ்சு தனி வினைவடிவம் கேட்கும் இடத்தில் தமிழ் 'வர' என்ற செயவென் எச்சத்தை வைத்தது. அதன் பின்னால் முழுவினைகள் வந்து ஒட்டிக்கொண்டன. வர வேண்டும் என்பது 'வரணும்' ஆயிற்று. இசைவு என்ற பொருளுடைய 'ஒட்டும்' சேர்ந்து 'வரட்டும்' ஆயிற்று. இதே போக்கில் 'வரல்' என்னும் தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து 'வரலாம்' ஆயிற்று. கண்ணால் காணாததை ஊகிக்க 'வந்திருப்பான்' என்று எதிர்காலம் கடன் கொடுத்தது. பழைய விகுதிகள் போன இடத்தில் வினைகள் தேய்ந்து புதிய விகுதிகளாக நிற்கின்றன. ஆகவே ஐயமும் விருப்பமும் தமிழில் குறைந்துவிட்டன என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். அவை இடம் பெயர்ந்தன.

வியங்கோளின் கதை சற்று வேறு. 'வாழ்க', 'வருக' வாழ்த்தில் தங்கின. 'எழுதுக' வினாத்தாளில் தங்கியது. பேச்சு அதைக் கைவிட்டது, சடங்கு வைத்துக்கொண்டது. ஆனால் சடங்கு எப்போதும் பழையதைத்தான் காக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அழகர்கோவிலிலேயே பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதவுக்கு முன் வழக்குத் தீர்க்கச் சத்தியம் செய்யும் வழக்கம் உண்டு. பொய் சொல்லியிருந்தால் என் குடி விளங்காமல் போகட்டும் என்ற பாங்கில் அமையும் ஆணையில் நிபந்தனைக்கு '-ஆல்', சாபத்துக்கு '-அட்டும்'. ஆண்டாளின் '-இல்' நின்ற இடம் அது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, உருபுகள்தான் வேறு.

குருபரம்பரைக் கதை ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். ஆண்டாள் நேர்ந்ததை ராமாநுஜர் இந்த மலையில் நூறு தடா வைத்து நிறைவேற்றினார் என்றும், அவள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்றும் அது சொல்கிறது. ராமாநுஜர் 'சொன்னேன்' என்பதைக் கடனாக வாசித்து அடைத்திருக்கிறார். அவன் ஏற்பானோ என்ற ஐயத்தை யாரும் அவளுக்காக அடைக்க முடியாது. அதைப் பாட்டில் தாங்கிக்கொண்டிருப்பது ஒரே ஒரு இடைச்சொல். பதவுரைகள் பொருளை எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போகும்போது, நாம் கவிதையில் பாதியைத் தாண்டிப் போகிறோம்.