மோதிரத்தில் சமஸ்கிருதக் காதல் வரி: பொறிக்கும் முன் வேற்றுமையைச் சரிபாருங்கள்

திருமண மோதிரத்தின் உட்புறத்தில் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பதைச் சமஸ்கிருதத்தில் பொறிக்க நினைக்கும் இணையர், அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சேர்ப்பதுண்டு. அப்படிச் சேர்த்தால் ‘அஹம் த்வம் ஸ்னிஹ்யாமி’ என்று வரும். இதன் பொருள் ‘நான் நீ அன்பு கொள்கிறேன்’. ‘த்வம்’ என்பது ‘நீ’ என்னும் எழுவாய் வடிவம். இங்கே அது பொருந்தாது.

அதைத் திருத்துவதாக நினைத்து, சிலர் ‘உன்னை’ என்று பொருள்படும் ‘த்வாம்’ என்ற சொல்லைப் போடுவார்கள். அதுவும் பிழைதான். ஸ்னிஹ்யாமி என்பது நாம் ‘சிநேகம்’ என்று சொல்லும் சொல்லின் வினை. தமிழில் ‘உன்னை அன்பு கொள்கிறேன்’ என்று சொல்வதில்லை. ‘உன்மேல் அன்பு கொள்கிறேன்’ என்போம். இந்த வினையும் அப்படியே ஏழாம் வேற்றுமையைக் கேட்கும். ஆகவே சரியான வரி ‘அஹம் த்வயி ஸ்னிஹ்யாமி’.

வினையின் முடிவே ‘நான்’ என்பதைக் காட்டிவிடுவதால் ‘அஹம்’ இல்லாமலும் வரி நிற்கும். சிறிய மோதிரத்துக்கு ‘த்வயி ஸ்னிஹ்யாமி’ என்ற இரண்டு சொற்கள் போதும். கணவர் மனைவிக்குச் சொன்னாலும், மனைவி கணவருக்குச் சொன்னாலும் இந்த வரி மாறாது. ‘அன்பே’ என்ற விளியைச் சேர்த்தால் மட்டும் மாறும்: மனைவியை அழைக்க ‘ப்ரியே’, கணவரை அழைக்க ‘ப்ரிய’.

ஸ்னிஹ்யாமி பிள்ளைகள், நண்பர்கள் மீதுள்ள பாசத்துக்கும் பொருந்தும். காதல் விருப்பத்தையே சொல்ல வேண்டுமானால் ‘த்வாம் காமயே’ எனலாம். இந்த வினைக்கு ‘த்வாம்’தான் சரி. இரண்டு வரிகளையும் கலந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

சரிபார்க்க, மோனியர் வில்லியம்ஸ் அகராதியில் வினையைத் தேடுங்கள். பொருளுக்கு அருகே loc. என்றிருந்தால் ஏழாம் வேற்றுமை, acc. என்றிருந்தால் இரண்டாம் வேற்றுமை. பிறகு சமஸ்கிருத இலக்கணம் படித்த ஒருவரிடம் வரியைக் காட்டுங்கள். மந்திரம் ஓதத் தெரிந்த எல்லாருக்கும் இலக்கணமும் தெரியும் என்று எண்ணிவிட முடியாது.

வரி சரியாக இருந்தும் பட்டறையில் கெட்டுப்போகலாம். தேவநாகரியில் இகரக் குறி, நம் ‘கெ’வின் கொம்பைப் போல, எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரியாத மென்பொருளில் அது வலப்பக்கம் போய்விடும். கூட்டெழுத்துகளும் பிரிந்து நிற்கும். ‘த்வயி ஸ்னிஹ்யாமி’யில் மட்டும் மூன்று இடங்களில் இகரக் குறி வருகிறது.

அதனால் வரியைத் தட்டச்சாக அனுப்பாமல் படமாகக் கொடுங்கள். பொறிப்பதற்கு முன் கடைக்காரரிடம் மாதிரி கேட்டு, உங்கள் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொறித்த பிறகு திருத்த வேண்டுமானால் தங்கத்தைத் தேய்த்துத்தான் அழிக்க வேண்டும்.